ஊசி விட்ட நீலமும் உள்ளே கசியும் ரத்தமும்

முழங்கால் மூட்டு மாற்று அறுவை முடிந்து வீடு திரும்புகிறவரின் மருந்துப் பையில் இப்போதெல்லாம் மருந்து நிரப்பிய சின்ன சிரிஞ்சுகளும் வருகின்றன. பெரும்பாலும் ஒவ்வொன்றிலும் 0.4 மில்லிலிட்டரில் 40 மில்லிகிராம் எனாக்சபரின் இருக்கும். குறைந்த மூலக்கூறு எடை கொண்ட ஹெப்பரின் வகைகளில் அது ஒன்று. தினமும் ஒரே நேரத்தில் வயிற்றுத் தோலுக்கடியில் தானே போட்டுக்கொள்ள வேண்டும்; குறைந்தது பத்து நாள், சிலருக்கு 35 நாள் வரை. நாலைந்து நாளில் வயிற்றில் நீலத் திட்டுகள் தெரியத் தொடங்கும். ரத்தம் அளவுக்கு மீறி நீர்த்துவிட்டது என்று வீட்டில் பேச்சு எழும். பாதியிலேயே ஊசி நின்றுவிடும். அந்த நீலம் பெரும்பாலும் ஊசியைக் கையாண்ட விதத்தைத்தான் காட்டுகிறது. அஞ்ச வேண்டிய ரத்தக்கசிவு வேறு இடங்களில் வெளிப்படும். அதை வேறு எதுவோ என்று எண்ணி விட்டுவிடுவதும் எளிது.

இந்த ஊசி நமக்குத் தேவைதானா என்ற கேள்வி நியாயமானது. கால் நரம்பில் ரத்தம் உறைவது வெள்ளையர்க்கு வரும் நோய், ஆசியர்க்கு அரிது என்று மருத்துவர்களே நெடுநாள் நம்பினார்கள். அதை நேராகச் சோதித்தது கோலாலம்பூர்தான். மலாயாப் பல்கலைக்கழகத்தின் எலும்பு அறுவை மருத்துவர் தில்லனும் அவர் குழுவினரும் தடுப்பு மருந்து எதுவும் பெறாத 88 நோயாளிகளின் கால் நரம்புகளில் சாயம் செலுத்திப் படமெடுத்து, முடிவை 1996-இல் வெளியிட்டார்கள். மொத்தத்தில் 62.5 விழுக்காட்டினருக்கு உறைவு இருந்தது. முழங்கால் மாற்றிக்கொண்டவர்களிடம் அது 76.5 விழுக்காடு. சாயப் படத்தில் தெரியும் உறைவுகளில் பல, எந்தத் தொல்லையும் தராமல் தானே கரைந்துபோகக்கூடியவை என்பது உண்மை. ஆனால் எது கரையும், எது நுரையீரலுக்கு ஏறும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. ஆஸ்பிரின் மாத்திரை போதாதா என்று கேட்பவர்களுக்கு ஆஸ்திரேலியாவில் 31 மருத்துவமனைகளில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வு பதில் தருகிறது: 90 நாளுக்குள் அறிகுறியோடு வந்த உறைவு எனாக்சபரின் பெற்றவர்களில் 1.82 விழுக்காடு, ஆஸ்பிரின் பெற்றவர்களில் 3.45 விழுக்காடு. அதேசமயம், எல்லா முழங்கால் சிகிச்சைக்கும் இது வேண்டும் என்பதில்லை. சிறு துளை வழியே குழாய்க் கருவி செலுத்திச் செய்யும் சிகிச்சைக்குப் பிறகு இந்த ஊசியால் பயன் தெரியவில்லை என்று 2017-இல் வந்த நெதர்லாந்து ஆய்வு சொன்னது. எனவே இங்கே சொல்வதெல்லாம் மூட்டு மாற்றியவர்களுக்கே பொருந்தும்.

மருந்து ரத்தத்தை நீர்க்க வைப்பதில்லை. உடலிலேயே இருக்கும் ஆன்டித்ராம்பின் என்ற புரதத்தோடு சேர்ந்து, உறைதலின் நடுக்கண்ணியான பத்தாம் காரணியைக் கட்டிப்போடுகிறது. இதை எடுப்பது பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து என்பதால், விலக்க விரும்புவோர் அறுவைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். செயற்கையாகச் செய்யப்படும் ஃபொண்டாபரினக்ஸ் என்ற மாற்று ஊசி உண்டு.

போடும் முறையில் ஒவ்வொரு படிக்கும் காரணம் இருக்கிறது. கை கழுவி, வயிறு தளர்ந்திருக்கும்படி சாய்ந்து உட்கார வேண்டும். தொப்புளிலிருந்து ஐந்து சென்டிமீட்டராவது தள்ளி, விலாப்பக்கமாக ஓர் இடம்; இன்று இடம் என்றால் நாளை வலம். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தபின் தோல் தானாகக் காய வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பிரிட் ஊசியோடு உள்ளே போய் எரியும். சிரிஞ்சுக்குள் தெரியும் காற்றுக் குமிழைக் கண்டு பயந்து பலர் அதை வெளியே தள்ளிவிடுகிறார்கள். முழு அளவு போடும்போது அதைத் தள்ளக் கூடாது. கடைசியில் உள்ளே போகும் அந்தக் குமிழ், மருந்தின் இறுதித் துளியையும் கொழுப்புக்குள் தள்ளுகிறது; வெளியேற்றினால் மருந்து குறையும், ஊசி முனையில் நிற்கும் துளி போகும் வழியெல்லாம் பட்டுக் கசிவைக் கூட்டும். கட்டை விரலாலும் ஆட்காட்டி விரலாலும் தோலை மடித்துப் பிடித்து, ஊசியை நேர்குத்தாக முழு நீளமும் செலுத்த வேண்டும். மருந்து தீரும்வரை மடிப்பை விடக் கூடாது. விட்டால் முனை தசையைத் தொடலாம், தசைக்குள் போனால் பெரிய கட்டியாக ரத்தம் தேங்கும். மெல்ல அழுத்தி, குத்திய அதே கோட்டில் வெளியே எடுத்து, பஞ்சை வைத்துச் சற்று நேரம் அழுத்தினால் போதும். தேய்க்கவே கூடாது. வலிக்கிற இடத்தை எண்ணெய் போட்டு நீவுவது நம் கைப்பழக்கம், ஆனால் நீலம் பரவ அதுவே முதல் காரணம். பிரிக்ஃபீல்ட்ஸில் மசாஜ் நிலையங்களுக்குக் குறைவில்லை. வீங்கிய கெண்டைக்காலை இந்த நாட்களில் அங்கே கொண்டுபோய் நீவவும் கூடாது. உள்ளே உறைவு இருந்தால் அது பெயர்ந்து கிளம்பும். முப்பது வினாடி நிதானமாக ஏற்றினால் நீலம் குறையும் என்று சில சிறு ஆய்வுகள் சொல்கின்றன. சான்று வலுவானதல்ல, செய்து பார்ப்பதில் நட்டமுமில்லை. பயன்படுத்திய ஊசி, மூடியுள்ள கெட்டியான டப்பாவுக்குள் போக வேண்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் சில திட்டுகள் வரும். நாணய அளவில், தட்டையாக, நீலம் பச்சையாகிப் பின் மஞ்சளாகி ஓரிரு வாரத்தில் மறைந்தால் கவலை வேண்டாம். மூட்டு மாற்றிய காலில் தொடையிலிருந்து கணுக்கால்வரை நீலம் இறங்குவதும் அறுவையின்போது கசிந்த ரத்தம் புவியீர்ப்பில் வடிவதுதான். மாறாக, வயிற்றில் கெட்டியான கட்டி மணிக்கு மணி பெரிதாகி வலித்தாலோ, ஊசித் துளை பத்து நிமிடம் அழுத்தியும் நிற்காமல் கசிந்தாலோ, முழங்கால் திடீரென விம்மி இறுகினாலோ அது வேறு கதை.

கிள்ளானில் 68 வயதுப் பெண் ஒருவரை வைத்துப் பார்ப்போம். நீரிழிவு உண்டு, சிறுநீரகம் சற்றுப் பழுது. ஆறாம் நாள் வயிற்றில் மூன்று நீலத் திட்டுகள்; வீடே பதறுகிறது. எட்டாம் நாள் கால்வலிக்குப் பழைய கையிருப்பிலிருந்து டைக்ளோஃபினாக் மாத்திரை போடத் தொடங்குகிறார், யாரும் கண்டுகொள்ளவில்லை. பதினோராம் நாள் மலம் கறுக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையால் என்று விட்டுவிடுகிறார்கள். இரும்பும் மலத்தைக் கறுக்க வைக்கும்தான். ஆனால் ரத்தம் கலந்த மலம் தார் போலப் பளபளத்து ஒட்டும், தனி நாற்றம் அடிக்கும். பன்னிரண்டாம் நாள் எழுந்தால் தலைசுற்றல், முகவெளுப்பு, படபடப்பு. இவர் வயிற்றின் உள்ளே ரத்தம் கசிகிறது. மூன்று நீலத் திட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. எனாக்சபரின் பெருமளவு சிறுநீரகம் வழியே வெளியேறுவதால், அது மிகவும் பழுதானவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். டைக்ளோஃபினாக், மெஃபனாமிக் அமிலம், இபுப்ரோஃபென் முதலியவை இரைப்பையைப் புண்ணாக்கும், தட்டணுக்களையும் மந்தமாக்கும். அறுவை மருத்துவர் கணக்குப் பார்த்துத் தந்த வலிமாத்திரை வேறு, அலமாரியிலிருந்து எடுத்தது வேறு.

இன்னும் ஓர் ஆபத்து, அரிதானாலும் விரைவானது. மூட்டு மாற்று பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு மரக்க வைத்தே நடக்கிறது. முதுகெலும்புக் கால்வாய்க்குள் ரத்தம் தேங்கினால் தண்டுவடம் நசுங்கும். அமெரிக்க மருந்து நிர்வாகம் 1997-லேயே இதை எச்சரித்தது. புதிதாக முதுகுவலி, அறுவை செய்யாத காலிலும் மரப்பு, கால் தளர்ச்சி, சிறுநீர் பிரியாமை வந்தால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். தலையில் அடிபட்டாலும், பேச்சு குழறினாலும், ரத்த வாந்தி எடுத்தாலும் அப்படியே. 999-ஐ அழைக்க வேண்டும். அவசரப் பிரிவில் முதலில் சொல்ல வேண்டியது கடைசி ஊசி போட்ட நேரமும் அளவும். முறிமருந்தான புரோட்டமின் எனாக்சபரினை முழுதாக முறிப்பதில்லை. ஊசி போட்டு எட்டு மணி நேரத்துக்குள் என்றால் ஓர் அளவு, அதைத் தாண்டினால் குறைவு, பன்னிரண்டு மணி கடந்தால் தேவைப்படாமலும் போகலாம். அதனால் ஊசி போட்டவுடன் நேரத்தை நாட்காட்டித் தாளில் குறித்துவைத்து, போகும்போது அந்தத் தாளையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.