மலிவான வழி எப்போதும் மலிவா?

ஒரு சிமென்ட் வியாபாரிக்குத் திருச்சியிலும் சேலத்திலும் கிடங்குகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். திருச்சியில் 90 டன் இருப்பு, சேலத்தில் 60. கரூருக்கு 50 டன், நாமக்கல்லுக்கு 60, ஈரோட்டுக்கு 40 போக வேண்டும். டன்னுக்கு லாரி வாடகை, திருச்சியிலிருந்து கரூருக்கு 400 ரூபாய், நாமக்கல்லுக்கு 500, ஈரோட்டுக்கு 800. சேலத்திலிருந்து அதே வரிசையில் 600, 300, 400.

இருப்பதிலேயே மலிவு சேலம்–நாமக்கல் தடம்தான். சேலத்துச் சரக்கு முழுவதையும் அங்கேயே ஏற்றிவிடலாம் என்று யாருக்கும் தோன்றும். அப்படிச் செய்தால் மொத்த வாடகை 70,000 ரூபாய். இதற்கும் கீழே இறங்க முடியுமா?

தடங்கள் ஆறு என்றாலும் தெரிய வேண்டியவை இரண்டுதான். திருச்சியிலிருந்து கரூருக்கு x டன், நாமக்கல்லுக்கு y டன் என்றால், அங்கே மிஞ்சும் 90−x−y ஈரோட்டுக்குப் போகும். சேலம் அனுப்ப வேண்டியவை கரூருக்கு 50−x, நாமக்கல்லுக்கு 60−y, ஈரோட்டுக்கு x+y−50. இருப்பும் தேவையும் சரியாக 150 டன்னாக இருப்பதால்தான் கணக்கு இப்படிச் சுருங்குகிறது. வாடகைகளால் பெருக்கிக் கூட்டினால் மொத்தச் செலவு:

Z = 100000 − 600x − 200y

எந்தத் தடத்திலும் சரக்கு பூஜ்யத்துக்குக் கீழே போகாது. ஆகவே x 50-ஐத் தாண்டாது, y 60-ஐத் தாண்டாது, x+y 50-க்கும் 90-க்கும் இடையில் நிற்கும். இந்தக் கோடுகளை வரைபடத்தாளில் போட்டால் நடுவே ஓர் ஐங்கோணம் கிடைக்கும். அதுதான் ஏற்புடைய பகுதி. ஒரே செலவு தரும் புள்ளிகளெல்லாம் ஒரு நேர்கோட்டில் அமையும். அந்தக் கோட்டின் மேல் ஸ்கேலை வைத்து, சாய்வு மாறாமல் செலவு குறையும் பக்கம் நகர்த்துங்கள். ஐங்கோணத்தை விட்டு விலகும் முன் அது கடைசியாகத் தொடுவது ஒரு மூலையைத்தான். அதனால் உள்ளே இருக்கும் எண்ணற்ற புள்ளிகளை விட்டுவிட்டு, ஐந்து மூலைகளை மட்டும் சோதித்தால் போதும்.

(0, 50) தருவது 90,000; (0, 60) 88,000; (30, 60) 70,000; (50, 0) 70,000; (50, 40) 62,000. முதலில் தோன்றிய யோசனை இதில் (50, 0). சேலம் நாமக்கல்லுக்கே எல்லாம் கொடுத்துவிட்டதால், ஈரோட்டின் 40 டன் 800 ரூபாய்த் தடத்தில் போக நேர்ந்தது. நாமக்கல்லுக்கு 40 டன்னைத் திருச்சி கொடுத்து, ஈரோட்டைச் சேலம் கவனித்தால் 8,000 ரூபாய் மிச்சம்.

மாணவர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. x=50, y=60 கோடுகளும் வெட்டிக்கொள்கின்றன; அங்கே செலவு 58,000 என்று ஆசை காட்டும். ஆனால் அந்தப் புள்ளியில் திருச்சி–ஈரோடு சரக்கு −20 டன்! அது ஐங்கோணத்துக்கு வெளியே கிடக்கிறது. எந்த வெட்டுப்புள்ளியையும் ஆறு தடங்களிலும் போட்டுப் பார்த்த பிறகே மூலையாக ஏற்க வேண்டும்.

வாடகை மாறினால் விடையும் மாறலாம். திருச்சி–நாமக்கல் வாடகை 700 ஆனால் y-யின் கெழு பூஜ்யமாகிவிடும். அப்போது (50, 0), (50, 40) இரண்டும், அவற்றுக்கு இடைப்பட்ட விளிம்பு முழுவதும் 70,000 ரூபாய்தான். 700-ஐயும் தாண்டினால், முதலில் தோன்றிய யோசனையே சிக்கனமானது.