மொட்டை மாடிக்கு யோசனை கேட்பதற்கு முன்

“மாடி சும்மா கிடக்கிறது, யோசனை சொல்லுங்கள்” என்று அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டால், பத்துக் கட்டைவிரல்களும் ஒரு சண்டையும்தான் மிஞ்சும். கேட்பவர் முதலில் மாடியின் நிலவரத்தைச் சொல்ல வேண்டும்.

உதாரணமாக இப்படி எழுதலாம்: “தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் அறை போக 1,400 சதுர அடி காலி. மதியத்துக்குப் பின் மேற்குப் பக்கம் நிழல். குழாய் ஒன்று உண்டு. துணி காயவைக்கும் இடத்தைத் தொடப்போவதில்லை. உங்கள் யோசனையோடு, செலவு எவ்வளவு, யார் பார்த்துக்கொள்வார் என்பதையும் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.”

எடையை மறைக்காமல் சொல்வது இன்னும் முக்கியம். ஆட்கள் நடமாடும் மாடிக்கு, சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ கூடுதல் பாரம் என்பதே வழக்கமான வடிவமைப்புக் கணக்கு. ஓரடி ஆழத்துக்கு மண்ணைக் கொட்டி நனைத்தால் அதே இடத்தில் 500 கிலோ ஏறிவிடும். ஆகவே தோட்டம் கேட்பவர்களிடம் பாத்தி வேண்டாம், தென்னை நார்க்கழிவு கலந்த பைகளை இடைவெளி விட்டு வைக்கலாம் என்று முன்பே சொல்லிவிடுவது நல்லது. பழைய கட்டடமென்றால் கட்டுமானப் பொறியாளர் பார்க்காமல் எதையும் ஏற்றக் கூடாது.

மேல்தளத்து வீட்டுக்காரரின் பயம் நீர்க்கசிவு. அது நியாயமான பயம். வடிகுழாயை அடைத்து, ஓரிரு அங்குலத் தண்ணீரை ஒரு நாள் தேக்கிவைத்தால், கீழ்வீட்டுக் கூரையில் ஈரத்திட்டு தெரிகிறதா என்று பார்த்துவிடலாம். தெரிந்தால், அதைச் சரிசெய்யும் செலவுதான் பட்டியலில் முதலில் வரவேண்டும்.

சூரிய மின்தகடுகளுக்கு ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலில்லாத இடம் தேவை. அதனால் அந்த மேற்குப் பக்கம் பைச்செடிகளுக்கு, அதிலும் கீரைக்கு, ஒதுங்கும்.