குமிழி எவ்வளவு நேரம் நிற்கும்? நியாயமான சோதனை செய்வது எப்படி

ஜொகூர் பாரு, குளுவாங், சிகாமட் என எந்த ஊர் வீட்டிலும் இருக்கும் பொருள்களைக் கொண்டே முதலாம் படிவ மாணவர்கள் ஓர் அறிவியல் ஆய்வைச் செய்து பார்க்கலாம். சவர்க்கார நீரில் சீனியோ கிளிசரினோ சேர்த்தால் குமிழி கூடுதல் நேரம் நிற்குமா என்பதே கேள்வி.

குமிழி உடைய முக்கியக் காரணங்கள் இரண்டு. அதன் படலத்தில் உள்ள நீர் கீழ்நோக்கி வடிகிறது. காற்றில் ஆவியாகவும் போகிறது. இதனால் உச்சி மெலிகிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் கிளிசரின் நீரைப் பிடித்து வைத்து ஆவியாவதைத் தாமதப்படுத்தும். சீனி கரைசலைச் சற்றுக் கெட்டியாக்கி, வடிவதை மெதுவாக்கும்.

200 மில்லிலிட்டர் நீரில் 20 மில்லிலிட்டர் பாத்திரம் கழுவும் திரவச் சவர்க்காரத்தைக் கலந்து, மூன்று குவளைகளில் சமமாக ஊற்றுங்கள். ஒன்றில் இரண்டு தேக்கரண்டி கிளிசரின், இன்னொன்றில் அதே அளவு சீனிப்பாகு சேருங்கள். மூன்றாவதில் இரண்டு தேக்கரண்டி வெறும் நீர் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் அதில் மட்டும் சவர்க்காரம் அடர்த்தியாக இருக்கும், ஒப்பீடு நியாயமாகாது.

பறக்கும் குமிழியை அளப்பது கடினம். ஆகவே, நெகிழி மூடியைக் கரைசலால் நனையுங்கள். ஊசி இல்லாத 20 மில்லிலிட்டர் சிரிஞ்சின் நுனியையும் நனைத்து, மூடியில் வைத்து, உள்ளே இருக்கும் காற்று முழுவதையும் மெல்லத் தள்ளுங்கள். ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் அகலமுள்ள அரைக்கோளக் குமிழி உருவாகும். சிரிஞ்சை எடுத்ததும் நிறுத்துக் கடிகாரத்தை அழுத்துங்கள்.

இங்கே சேர்க்கும் பொருள் தற்சார்பு மாறி. குமிழி நிற்கும் நேரம் சார்பு மாறி. சவர்க்காரத்தின் அளவு, குமிழியின் அளவு, இடம், காற்று ஆகியவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். ஜொகூரின் ஈரக் காற்றில் நீர் மெதுவாகவே ஆவியாகும். குளிர்சாதன அறையில் காற்று வறண்டிருக்கும். ஆகவே காற்றாடியை நிறுத்தி, ஒரே அறையில், ஒரே வேளையில் செய்யுங்கள். மூன்று கரைசல்களையும் மாற்றி மாற்றிச் சோதித்தால், நேரம் போகப்போக அறையில் ஏற்படும் மாற்றம் ஒன்றுக்கு மட்டும் சாதகமாகாது.

ஒரு முறை அளந்தால் போதாது. எடுத்துக்காட்டாக, ஒரு கரைசலுக்கு 41, 38, 3, 44, 40 விநாடிகள் கிடைத்தன என வைத்துக்கொள்வோம். சிரிஞ்சின் நுனி பட்டதால் உடைந்த அந்த 3 விநாடி, சராசரியை 33.2-க்கு இழுத்துவிடும். வரிசைப்படுத்தி நடுவில் வரும் எண்ணை எடுத்தால் 40 கிடைக்கும். எதை எடுப்பது என்பதைச் சோதனைக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும்.

பிரான்சில் லீல் நகர ஆய்வாளர்கள், நீர், கிளிசரின், நுண்ணிய நெகிழித் துகள்கள் ஆகியவற்றால் ஆன குமிழியை 465 நாள் நிற்க வைத்ததை 2022-இல் வெளியிட்டனர். ஆனால் கிளிசரினை அளவின்றிச் சேர்த்தால் சவர்க்காரத்தின் பங்கு குறைந்து குமிழியே சரியாக வராது. எந்த அளவில் அப்படி ஆகிறது என்பதை அடுத்த சோதனையாக வைத்துக்கொள்ளலாம்.