எந்த 37? பில் எண்ணுக்கு ஒரு முன்னெழுத்து

விளைச்சலை நேரடியாக விற்கத் தொடங்கிய உழவர்கள் பலரும் பில்லுக்கு 1, 2, 3 என்றுதான் எண் போடுகிறோம். ஒரே இடத்தில், ஒரே ஆள் விற்கும் வரைக்கும் இது போதும். விற்கிற இடம் இரண்டானால் சிக்கல் வந்துவிடும்.

எங்கள் குழுவுக்குத் தோட்டத்தில் ஒரு கடை, ஞாயிற்றுக்கிழமை சந்தையில் ஒரு கடை. இரண்டு இடத்துக்கும் தனித்தனி பில் புக், இரண்டுமே 1-ல் தொடங்கியவை. இரண்டு இடத்திலும் சரக்கு எடுக்கிற மளிகைக்கடைக்காரர் ஒருவர், ‘பில் 37’ என்று குறிப்புப் போட்டு 2,400 ரூபாய் வங்கியில் கட்டினார். தோட்டத்து 37, தூயமல்லி அரிசி 30 கிலோ, கிலோ 80 ரூபாய். சந்தை 37, கடலை எண்ணெய் 8 லிட்டர், லிட்டர் 300 ரூபாய். எண்ணும் ஒன்று, தொகையும் ஒன்று! வந்த காசு அரிசி கொடுத்தவருக்கா, எண்ணெய் கொடுத்தவருக்கா? கடைக்காரரைப் பிடித்துக் கேட்கிற வரைக்கும் இரண்டு பேருக்குமே பணம் கொடுக்க முடியலை.

இதற்குத் தீர்வு எளிது. எண்ணுக்கு முன்னால் இடத்தையும் ஆண்டையும் சொல்கிற ஒரு முன்னெழுத்து, எண்ணை நான்கு இலக்கமாக்கப் பூஜ்யங்கள். இப்போது தோட்டத்து 37 என்பது `TOT/25-26/0037`. சந்தை 37 என்பது `SAN/25-26/0037`. ஜிஎஸ்டி பதிவு உள்ள குழுக்கள் ஒன்றைக் கவனிக்கணும். பில் எண் 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும். எழுத்து, இலக்கம், சிறுகோடு, சாய்கோடு மட்டும்தான் வரலாம். ஒரு நிதியாண்டுக்குள் ஒரே எண் திரும்ப வரக்கூடாது. நம்முடையது 14 எழுத்து.

பூஜ்யம் எதற்கு என்று கேட்கலாம். முன்னெழுத்து சேர்ந்ததும் கணினி அதை எண்ணாகப் பார்க்காது, எழுத்தாகத்தான் பார்க்கும். வரிசைப்படுத்தினால் 1, 10, 100, 2 என்று அடுக்கிவிடும். 0001, 0002, 0010 என்று இருந்தால் வரிசை குலையாது. நான்கு இலக்கம் 9,999 பில் வரைக்கும் தாங்கும். நாளைக்கு 30 பில் போடுகிற கடைக்கு ஆண்டுக்குப் பத்தாயிரத்தைத் தாண்டிவிடும். அவர்கள் முதல் நாளே ஐந்து இலக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

எக்செல்லிலோ கூகுள் ஷீட்ஸிலோ இடத்துக்கு ஒரு தாள் வையுங்கள். முதல் வரி தலைப்பு. A பத்தியில் வெறும் எண்ணை 1, 2, 3 என்று கையால் அடியுங்கள். B2 கட்டத்தில் இதை எழுதிக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
="TOT/25-26/"&TEXT(A2,"0000")
```

நடுவில் இருக்கிற `TEXT`தான் பூஜ்யங்களைச் சேர்க்கிறது. அதை விட்டுவிட்டு `&A2` என்று மட்டும் எழுதினால் `TOT/25-26/37` என்றுதான் வரும். A கட்டத்தின் தோற்றத்தை மாற்றி 0037 என்று தெரிய வைத்திருந்தாலும் இதேதான். கண்ணுக்குத் தெரிவது 0037, உள்ளே இருப்பது 37. முன்னெழுத்தையும் இப்படித் தோற்றமாக மட்டும் வைக்காதீர்கள். கடைக்காரர் அனுப்புகிற கணக்கோடு பொருத்திப் பார்க்கும்போது ஒன்றும் பொருந்தாது.

A பத்தியின் எண்ணை `ROW()` போட்டு வரவழைக்கிற பழக்கம் சிலரிடம் உண்டு. அது வேண்டாம். நடுவில் ஒரு வரியை அழித்தால் அதற்குக் கீழே உள்ள எல்லா பில்லுக்கும் எண் மாறிவிடும். வாங்கியவர் கையில் இருக்கிற தாளில் பழைய எண்தான் இருக்கும். அதேபோல ஆண்டை `TODAY()` வைத்து வரவழைத்தால், ஏப்ரல் 1 அன்று போன வருஷத்து பில்லெல்லாம் புது வருஷத்துக்கு மாறி நிற்கும். முன்னெழுத்து கையால் அடித்ததாகவே இருக்கட்டும். ஏப்ரலில் புதுத் தாள் திறந்து, `26-27` என்று மாற்றி, மறுபடி 1-ல் தொடங்குங்கள். பழைய தாளைத் தொடாதீர்கள்.

பில் ரத்தானால் வரியை அழிக்க வேண்டாம். எண்ணை அப்படியே வைத்து, தொகை 0 போட்டு, பக்கத்தில் ‘ரத்து’ என்று எழுதுங்கள். அந்த எண்ணை வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது.

இப்படி வைத்தால் சரிபார்ப்பதும் சுலபம். தலைப்பு முதல் வரியில் இருப்பதால் 37-ம் பில் 38-ம் வரியில் நிற்கணும். 39-ல் நின்றால் மேலே ஏதோ ஒரு எண் இரண்டு முறை விழுந்திருக்கிறது. 37-ல் நின்றால் ஒன்று விடுபட்டிருக்கிறது. வாரம் ஒரு தடவை, உழவர்களுக்குப் பணம் பிரிக்கிறதுக்கு முன்னால், கடைசி வரியை மட்டும் இப்படிப் பாருங்கள். பிசகு தெரிந்தால் அந்த வாரத்து பில்களுக்குள்ளேயே தேடினால் போதும்.