கந்தகமும் வினையூக்கியும்: பாரத் நிலை விதிகளும் ஒரகடத்து டீசல் எஞ்சின்களும்

இந்தியாவின் வாகனப் புகை விதிகளை எஞ்சின் வரலாறாகவே பலரும் வாசிக்கின்றனர். டீசல் வாகனத்தைப் பொறுத்தவரை அவ்வரலாற்றை எரிபொருளிலிருந்து தொடங்குவதே பொருந்தும். பத்து லட்சம் பங்கு டீசலில் கந்தகம் மூன்றாம் நிலையில் 350 பங்கு, நான்காம் நிலையில் 50, ஆறாம் நிலையில் 10 என்று குறைக்கப்பட்டது. கந்தகம் எரிந்து சல்பேட்டாக மாறி, புகைக்குழாயிலுள்ள வினையூக்கியின் மேற்பரப்பை அடைத்துவிடும். எனவே தூய டீசல் வந்துசேராத இடத்தில் நுட்பமான வினையூக்கியைப் பொருத்துவதில் பயனில்லை.

2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களுக்கு நான்காம் நிலையும், நாட்டின் பிற பகுதிகளுக்கு மூன்றாம் நிலையும் நடைமுறைக்கு வந்தன. சென்னையில் 50 பங்கு டீசல் நிரப்பிய லாரி, நெடுந்தொலைவு சென்றபின் 350 பங்கு டீசலையே நிரப்ப நேர்ந்தது. மாநிலம் கடந்து ஓடும் சரக்கு வாகனங்கள் மூன்றாம் நிலையிலேயே நீடித்ததற்கு இதுவே முதன்மைக் காரணம் எனலாம். 2017 ஏப்ரலில்தான் நான்காம் நிலை நாடு முழுமைக்கும் பொதுவாயிற்று. ஐந்தாம் நிலையைத் தவிர்த்து, 2020 ஏப்ரல் 1 முதல் ஆறாம் நிலை வந்தது.

இத்தாவலின் சுமை டீசலின் மீதே விழுந்தது. டீசல் காருக்கான நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு கிலோமீட்டருக்கு 0.25 கிராமிலிருந்து 0.08 கிராமாகவும், துகள் வரம்பு 0.025 கிராமிலிருந்து 0.0045 கிராமாகவும் இறங்கின. எரிதல் வெப்பத்தைக் குறைத்தால் நைட்ரஜன் ஆக்சைடு குறையும். ஆனால் கரித்துகள் கூடும். வெப்பத்தை உயர்த்தினால் நிலைமை தலைகீழாகும். இரண்டையும் எஞ்சினுக்குள்ளேயே அடக்க இயலாமையால் புகைக்குழாயில் தனிக் கருவிகள் தேவைப்பட்டன.

அவற்றுள் துகள் வடிகட்டி, ஒன்றுவிட்டு ஒன்று முனை அடைக்கப்பட்ட பீங்கான் தேன்கூடு. அதில் கரி சேரச்சேர முன்பின் அழுத்த வேறுபாடு உயரும். அதனை உணரி கண்டறிந்ததும், கூடுதல் டீசல் பீச்சப்பட்டுச் சுமார் 600 பாகை வெப்பத்தில் கரி எரிக்கப்படும். நகருக்குள் குறுந்தொலைவு மட்டும் ஓடும் காரில் இவ்வெரிப்பு பாதியிலேயே நின்றுபோகும். அவ்வாறு எரியாத டீசல் உருளைச் சுவர்வழி எஞ்சின் ஆயிலில் கலக்கும். அளவுகோலில் ஆயில் மட்டம் ஏறியிருப்பதே இதன் அடையாளம். ஆயில் குறைவதற்கு மட்டுமே அஞ்சிப் பழகியவர்க்கு இது எளிதில் புலப்படாது.

ஒரகடத்தில் இவ்விதி இருவேறு முடிவுகளைத் தந்தது. ரெனால்ட்-நிசான் ஆலையில் உருவான டஸ்டர் காரின் 1.5 லிட்டர் டீசல் வகை ஆறாம் நிலைக்கு உயர்த்தப்படாமல் நிறுத்தப்பட்டது. பெட்ரோல் வகை தொடர்ந்தது. அதே ஊரில் 2012இல் தொடங்கிய டெய்ம்லர் ஆலையின் பாரத்பென்ஸ் லாரிகளோ டீசலிலேயே நீடித்தன. அவற்றில் 32.5 விழுக்காட்டு யூரியாக் கரைசல் சூடான புகையில் தெளிக்கப்படுகிறது. அதிலிருந்து பிறக்கும் அமோனியா, நைட்ரஜன் ஆக்சைடை நைட்ரஜனாகவும் நீராகவும் மாற்றுகிறது. கருவிகளின் விலையைக் காரின் விலை தாங்கவில்லை. அதனிடம் பெட்ரோல் என்னும் மாற்று இருந்தது. கனரக லாரிக்கு அம்மாற்று இல்லை.