மணி அடித்தால் எடுக்க ஒருவர்

மனநல உதவி எண் ஒன்றைத் தொடங்க நிதி கேட்டுப் போனால் முதலில் வருகிற கேள்வி இதுதான்: “ரெண்டு போன், ரெண்டு நாற்காலி. இதுக்கு எதுக்குங்க வருஷத்துக்கு 27 லட்சம்?” நல்லெண்ணத்தோடு கேட்கப்படும் கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல, கணக்கை முதலிலிருந்து போட்டுக் காட்டுவதைவிட வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

மாவட்டத் தலைநகர் ஒன்றில் ஓர் அறக்கட்டளை உதவி எண் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கீழே வரும் ரூபாய்த் தொகைகள் எல்லாம் நான் எடுத்துக்கொண்ட அனுமானங்கள். ஊருக்கு ஊர் அவை மாறும். கணக்கின் போக்கு மாறாது.

எத்தனை மணி நேரம் எண் திறந்திருக்கும் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். 24 மணி நேரமும் என்று சொல்லத்தான் ஆசை வரும். ஆனால் ஒரே ஒரு நாற்காலியை வருடம் முழுக்க, இரவு பகலாக ஆள் இல்லாமல் விடாதிருக்க 8,760 மணி நேரம் வேண்டும். வாரத்துக்கு ஒரு நான்கு மணி ஷிப்ட் வரும் தன்னார்வலர், திருவிழா, காய்ச்சல், பிள்ளைகளின் தேர்வு எல்லாம் போக வருடத்துக்கு 46 வாரம் வந்தால் 184 மணி நேரம் தருகிறார். அப்படியானால் ஒரு நாற்காலிக்கே 48 பேர் தேவை. முதல் வருடத்தில் ஒரு சிறிய ஊரில் அத்தனை பேரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து வைத்திருக்க முடியாது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய மத்திய அரசின் டெலி மானஸ் சேவை, 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் தமிழிலும் இயங்குகிறது. அதனால் உள்ளூர் எண் தூங்காமல் விழித்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. அழைப்புகள் கூடும் நேரத்தைச் சரியாகப் பார்த்துக்கொண்டால் போதும். நம் எண் மதியம் 2 முதல் இரவு 10 வரை என்று வைப்போம்.

ஷிப்டில் எப்போதும் இரண்டு பேர் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. “மாத்திரையைக் கையில வச்சிருக்கேன்” என்று ஒருவர் சொல்லும் அழைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீளலாம். அந்த நேரத்தில் ஆலோசகர் போனை வைத்துவிட்டு வேறு யாரையும் கூப்பிட முடியாது. பக்கத்தில் இருப்பவர்தான் மேற்பார்வையாளரை அழைப்பார். அழைத்தவர் ஒப்புக்கொண்டால் 108-க்கோ வீட்டாருக்கோ சொல்லவும் அவர்தான் வேண்டும். தனியாக உட்கார்ந்திருக்கும் ஆலோசகருக்கு அந்தக் கை இல்லை.

இரண்டு நாற்காலி, ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு நான்கு மணி வீதம் இரண்டு ஷிப்ட் என்றால் வருடத்துக்கு 1,460 ஷிப்டுகள். ஷிப்டுக்கு 600 ரூபாய் மதிப்பூதியம். இரவு பத்து மணிக்கு முடிகிற ஷிப்டுக்கு ஆட்டோவுக்காக இன்னும் 200. மொத்தம் 10 லட்சத்து 22 ஆயிரம்.

‘சேவைக்குக் காசா?’ என்று இந்த இடத்தில் சிலர் முகம் சுளிப்பார்கள். சென்னையில் 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ‘சினேகா’ தன்னார்வலர்களைக் கொண்டே வளர்ந்தது. அந்த மரபின் மீது எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் சம்பளம் இல்லாமல் வாரம் இரண்டு மாலை தர முடிகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள், வசதியான வீட்டினர். சமூகப்பணி படித்துவிட்டு வேலை தேடும் பெண்ணுக்குப் பஸ் காசே பாரம். அவருடைய ஊர்ப் பேச்சும் வயதும் அழைப்பவர்களுக்குத் தேவை. மதிப்பூதியம் இருந்தால்தான் அவர் உள்ளே வர முடியும்.

அதை ஷிப்டுக்குத்தான் தர வேண்டும். ‘அழைப்புக்கு இவ்வளவு’ என்று வைத்தால் மிச்சம் வரும் என்று யோசனை சொல்வார்கள். அப்படி வைத்த மறுநாளே, பேசத் தயங்கி மூன்று நிமிடம் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருக்கும் அழைப்பு ஆலோசகருக்கு நஷ்டமாகிவிடும். அந்த அமைதிக்குள்தான் பல நேரம் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது.

போன் கணக்கு சிறியதுதான். அழைப்பவருக்கு இலவசமான எண் என்றால் நிமிடக் கட்டணம் நம் தலையில். பேச்சு நேரம் மொத்த நாற்காலி நேரத்தில் பாதி என்று கொண்டால் வருடத்துக்கு 1,75,200 நிமிடம். நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்றால் அதே அளவு ரூபாய். ஒரே எண்ணுக்கு வரும் அழைப்பைக் காலியான நாற்காலிக்குத் திருப்பிவிடும் மென்பொருள், ஹெட்செட், மின்சாரம் போனாலும் லைன் அறுந்துவிடாமல் காக்கும் யு.பி.எஸ். எல்லாவற்றுக்கும் 60,000. ஆக, சுமார் 2 லட்சத்து 35 ஆயிரம். மொத்தச் செலவில் பதினொன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

ஆனால் பாதி நேரம்தான் பேச்சு என்றதும், “அப்போ மீதி நேரம் சும்மாதானே இருக்காங்க, ஒரு ஆளைக் குறைச்சிடலாமே?” என்று அடுத்த கேள்வி வரும். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங் என்ற டேனிஷ் கணித அறிஞர் நூறு வருடத்துக்கு முன்பே இதற்கு விடை சொல்லும் சூத்திரத்தைத் தந்துவிட்டார். அழைப்புகள் ரேஷன் கடை வரிசை மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வருவதில்லை. ஒரு மணி நேரம் அமைதியாக இருக்கும். பிறகு பத்து நிமிடத்தில் மூன்று வரும். அவருடைய சூத்திரத்தில் நம் எண்களைப் போட்டால், இரண்டு நாற்காலிகளும் சராசரியாகப் பாதி நேரம் மட்டுமே பேச்சில் இருக்கும்போதே, அழைக்கும் 100 பேரில் சுமார் 29 பேருக்கு என்கேஜ்டு டோன்தான் கேட்கும். அதே அழைப்புகளுக்கு ஒரு நாற்காலி மட்டும் இருந்தால் 59 பேருக்கு. மூன்று இருந்தால் 12. சும்மா இருப்பதாகத் தெரிகிற அந்த நேரம்தான் மணி அடித்ததும் எடுக்க முடிவதற்கான விலை. என்கேஜ்டு டோன் கேட்டவரில் எத்தனை பேர் மறுபடி அழைத்தார்கள் என்பதை நம் பதிவேட்டில் எழுத முடியாது. கிடைக்காத அழைப்புகளின் எண்ணிக்கையை மென்பொருளிலிருந்து வாராவாரம் எடுத்துப் பார்ப்பதுதான் ஒரே வழி. கிடைத்த அழைப்புகளை மட்டும் எண்ணி ஆண்டறிக்கை போடும் உதவி எண் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறது.

பயிற்சிக்கு வருவோம். வாரத்துக்கு இரண்டு ஷிப்ட், வருடத்துக்கு 44 வாரம் என்று ஒருவர் வந்தால் 88 ஷிப்ட். 1,460-க்கு 17 பேர் வேண்டும். திடீர் விடுப்புக்கும் சேர்த்து 20 பேர் பட்டியலில் இருக்க வேண்டும். பதினைந்து பேரை எடுத்தால் ஐந்து பேராவது நடுவில் நின்றுவிடுவார்கள் என்று வைத்துத்தான் திட்டமிட வேண்டும். ஆகவே வருடத்துக்கு இரண்டு அணிகள், அணிக்கு 40 மணி நேர வகுப்பு, ஒரு லட்சம் வீதம் இரண்டு லட்சம். வகுப்பின் பெரும்பகுதி விரிவுரையாக இருந்தால் பணம் வீண். ஒருவர் அழைப்பவராகவும் ஒருவர் ஆலோசகராகவும் முதுகு காட்டி உட்கார்ந்து, குரலை மட்டும் வைத்துப் பேசிப் பழக வேண்டும். “தற்கொலை செஞ்சுக்கலாம்னு தோணுதா?” என்று நேராகக் கேட்க வாய் வருவதற்கே பலருக்கு நாலைந்து முறை ஆகும். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. அப்படி நேர்வதில்லை, கேட்டதும் பலருக்கு நெஞ்சுப் பாரம் இறங்குகிறது. இதை வாயால் சொல்லிப் பழகினால்தான் நம்பிக்கை வரும். பிறகு அனுபவமுள்ளவர் பக்கத்தில் உட்கார்ந்து சில ஷிப்டுகள் கேட்டுவிட்டு, அதன் பிறகே தனியாக எடுக்க வேண்டும்.

இனி, வரவு செலவில் முதலில் வெட்டப்படுகிற வரிக்கு வருகிறேன்: மேற்பார்வை. முழுநேர மேற்பார்வையாளர் ஒருவர், மாதம் 40,000. ஒவ்வொரு மாலையும் போனில் கிடைக்கும்படி ஒரு மூத்தவர், நாளுக்கு 500. ஆலோசகர்கள் மூன்று குழுவாகப் பிரிந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உளவியலாளரோடு இரண்டு மணி நேரம் உட்கார, அமர்வுக்கு 2,000. வரும் ஆலோசகர்களுக்குத் தலைக்கு 300. எல்லாம் சேர்ந்து 9 லட்சத்து 74 ஆயிரத்து 500. ஏறக்குறைய மதிப்பூதியத்துக்குச் சமம். “பேசறவங்களுக்கும் பேசறவங்களைப் பாத்துக்கறவங்களுக்கும் ஒரே செலவா?” என்று கேட்கத்தான் செய்வார்கள்.

அந்த இரண்டு மணி நேரத்தில் நடப்பது ஆலோசகரை வேவு பார்ப்பதல்ல. நான்காவது முறையாக அழைத்தவரிடம் தனக்கு ஏன் எரிச்சல் வந்தது என்று ஒருவர் சொல்கிறார். பெண் குரல் கேட்பதற்காகவே அழைத்து அசிங்கமாகப் பேசியவனிடம் எப்போது போனை வைக்கலாம் என்று இன்னொருவர் கேட்கிறார். ‘நாளைக்குக் கூப்பிடறேன்’ என்றவர் கூப்பிடாத இரவை இன்னொருவர் மனதிலிருந்து இறக்கி வைக்கிறார். இது இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பது சில மாதங்களிலேயே பதிவேட்டில் தெரியும். சராசரிப் பேச்சு நேரம் 30 நிமிடத்திலிருந்து 15-க்கு இறங்கும். குறிப்புகள் ‘குடும்பப் பிரச்சினை, ஆலோசனை வழங்கப்பட்டது’ என்று ஒரே வரியில் நிற்கும். ஷிப்டுக்கு அரை மணி முன்னால் “உடம்பு சரியில்லைங்க அக்கா” என்று தகவல் வருவது கூடும். ஒரே நபர் ஒரே ஆலோசகரை மட்டும் கேட்கத் தொடங்கினால், சொந்த நம்பர் கைமாறியிருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். இவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. கேட்டதை இறக்கி வைக்க இடம் இல்லாதவர்கள்.

இதற்குக் காசுக் கணக்கும் உண்டு. நிலைத்து நிற்கும் ஓர் ஆலோசகரை உருவாக்கப் பயிற்சிச் செலவே பத்தாயிரம். பத்துப் பேர் மனம் சோர்ந்து போய்விட்டால் போவது ஒரு லட்சம் மட்டுமல்ல. அடுத்த அணி தயாராகும் வரை நாற்காலிகள் காலியாகும், மேலே சொன்ன 29 பேர் 59-ஐ நோக்கி நகர்வார்கள்.

வாடகை, மின்சாரம், விளம்பரம், தணிக்கை எல்லாவற்றுக்கும் 2 லட்சத்து 80 ஆயிரம் சேர்த்தால் மொத்தம் 27 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டுகிறது. வருடத்துக்கு 5,840 அழைப்புகள், ஒவ்வொன்றும் அரை மணி என்றால் அழைப்புக்கு 465 ரூபாய் போல. மேற்பார்வையை நீக்கினால் 300 என்று காட்டலாம். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த 300 ரூபாய் அழைப்பு, 465 ரூபாய் அழைப்பைப் போன்றதல்ல.

கையில் இன்னும் மூன்று லட்சம் இருந்தால் நான் அதை மாலை 6 முதல் 10 வரை மூன்றாவது நாற்காலிக்குப் போடுவேன். கையில் 18 லட்சம்தான் இருக்கிறது என்றால் நேரத்தைத்தான் வெட்டுவேன்: மதிய ஷிப்டை விட்டுவிட்டு, மாலை 6 முதல் 10 வரை மட்டும். அப்போது மதிப்பூதியம் 5 லட்சத்து 84 ஆயிரமாகிவிடும். ஆட்கள் குறைவதால் பயிற்சிச் செலவும் குறையும். குழு அமர்வும் மாலைநேர மூத்தவரும் அப்படியே இருப்பார்கள். மற்ற நேரத்தில் அழைப்பவருக்கு வெறும் மணி ஒலித்துக்கொண்டே இருக்கக் கூடாது. “இப்போது எங்கள் எண்ணில் யாரும் இல்லை. 14416-ஐ உடனே அழையுங்கள், அங்கே எடுப்பார்கள்” என்று ஒரு மனிதக் குரல், நிதானமாக, இரண்டு முறை சொல்ல வேண்டும். அதைப் பதிவு செய்ய ஒரு ரூபாயும் ஆகாது.