வலது ஆரிக்கிள் எந்தக் கைப்பக்கம்?

பத்தாம் வகுப்பு அறிவியலில் இதயம் பாடம் நடக்கும்போது ஒரு வகுப்பறைக்கு வெளியே நின்று கேளுங்கள். "இதோ, இந்த வழியா ரத்தம் உள்ளே வருது. இப்படித் திரும்பி, இங்கேருந்து கீழே இறங்கி, இந்தப் பக்கமாப் போயிடுது." பாடத்தின் பாதி 'இதோ', 'இங்கே', 'இப்படி' என்ற சொற்களிலேயே நடக்கிறது. முதல் பெஞ்சில் இருக்கும் பார்வையில்லாத பையனுக்கு ரத்தம் எங்கோ வந்து எங்கோ போய்விட்டது என்பதைத் தவிர ஒன்றும் கிடைக்காது.

முதலில் சரிசெய்ய வேண்டியது இந்தப் பேச்சைத்தான். அதற்குக் காசு செலவில்லை. 'இதோ' வருகிற இடத்தில் எல்லாம் பெயரையும் திசையையும் வைத்தால் போதும். "மேலிருந்து வரும் மேற்பெருஞ்சிரையும் கீழிருந்து வரும் கீழ்ப்பெருஞ்சிரையும் வலது ஆரிக்கிளில் சேருகின்றன. அங்கிருந்து மூவிதழ் வால்வு வழியாக ரத்தம் நேர் கீழே வலது வெண்ட்ரிக்கிளுக்கு இறங்குகிறது." வரிசையும் முக்கியம். படத்தில் கண்ணில் பட்டதை எல்லாம் பட்டபடி சொன்னால் கேட்பவருக்குத் தலை சுற்றும். முழு உருவத்தை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும்: "ஒரு வீடு, நான்கு அறை, மேலே இரண்டு சின்னது, கீழே இரண்டு பெரியது, நடுவே வாசலில்லாத சுவர்." பிறகு ரத்தம் போகிற வழியிலேயே சொல்லிப் போனால், கேட்பவரும் கூடவே நடந்து வந்துவிடுவார்.

ஆனால் பேச்சு மட்டும் போதாது. நான்கு அறைக்கும் ஏழெட்டுக் குழாய்க்கும் இடையே உள்ள இட உறவைக் காதால் மட்டும் பிடித்து வைத்துக்கொள்வது யாருக்கும் கடினம். விரலுக்குத் தட்டுப்படும் ஒரு படம் தேவை. டெல்லி ஐஐடியில் பாடநூல் படங்களுக்கு அச்சு செய்து, அதன்மேல் பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி உறிஞ்சிப் படியவைத்து, நூற்றுக்கணக்கில் பிரதி எடுக்கும் வேலை நடந்திருக்கிறது. வெப்பம் பட்டால் கருப்புக் கோடு மட்டும் உப்பி எழும் தாளும் உண்டு. இரண்டும் கைக்கு எட்டாத பள்ளியில், ஒரு ரப்பர் விரிப்பும் பிரெயில் தாளும் தையல்காரர் துணியில் குறி எடுக்கும் பல்சக்கரமும் போதும். தாளை விரிப்பின் மேல் வைத்துச் சக்கரத்தை அழுத்தி ஓட்டினால், மறுபக்கத்தில் புள்ளிக் கோடு எழும்பும்.

மறுபக்கம் என்பதில்தான் வில்லங்கம். நான் முதன்முதலில் செய்த இதயப் படம் அதில்தான் தவறிப்போனது. புத்தகத்தில் உள்ளபடியே அழகாக ஓட்டி, தாளைத் திருப்பிக் கொடுத்தேன். மாணவன் தடவிப் பார்த்து, "சார், வலது ஆரிக்கிள் என் வலது கைப்பக்கம் இருக்கு, சரிதான்" என்றான். எனக்கும் சரியென்றே பட்டது. பாடப் புத்தகத்தை வாசித்துக் காட்டியபோதுதான் எல்லாம் முட்டியது.

புத்தகத்தில் இதயம் நம் எதிரே நிற்கும் ஆளின் இதயமாக வரையப்பட்டிருக்கும். அதனால் வலது ஆரிக்கிள் பக்கத்தின் இடப்புறம் வரும். நான் தாளைத் திருப்பியதும் அது வலப்புறம் போய்விட்டது. பையனுக்கு அது இயல்பாகத் தோன்றியதால் பிழை வெளியே தெரியவே இல்லை. பல்சக்கரத்தில் செய்பவர்கள் முதலில் படத்தை டிரேசிங் தாளில் எடுத்து, அதைக் கவிழ்த்து வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

சரியாகச் செய்த படத்திலும் "வலது ஏன் இடது பக்கம் இருக்கு?" என்ற கேள்வி வரும். பார்வையுள்ள பிள்ளைகளுக்கும் வரும். அவர்கள் கேட்காமல் மனப்பாடம் செய்துவிடுவார்கள். இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. தாளை எடுத்து, எழும்பிய பக்கம் வெளியே பார்க்கும்படி மாணவனையே தன் மார்பில் சட்டைப் பைபோல வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இப்போது முன்புறமாக வலது கையால் தொட்டால் வலது ஆரிக்கிள் கிடைக்கும். தாள் மேசைக்குத் திரும்பியதும், அது எதிரே இருப்பவரின் மார்பு என்று புரிந்துவிடும்.

அடுத்த சிக்கல் கூட்டம். விரல் நுனிக்கு 3 மில்லிமீட்டராவது இடைவெளி இல்லாத இரண்டு கோடுகள் ஒரே தடித்த கோடாகத்தான் தெரியும். புத்தகப் படத்தில் பெருந்தமனி வளைந்து நுரையீரல் தமனியைக் கடக்கிற இடத்தில் மூன்று நான்கு கோடுகள் நெருங்கி வரும். கண் அதை ஒன்றின் பின்னால் மற்றொன்று என்று பிரித்துக்கொள்ளும். விரலுக்குப் பின்னால் என்பது கிடையாது. அதற்கு அது வெறும் முடிச்சு. எனவே பின்னால் போகும் குழாயின் கோட்டை, கடக்கும் இடத்துக்கு இருபுறமும் கொஞ்சம் முன்பே நிறுத்திவிட வேண்டும். அழகுக்காகப் போட்ட நிழல், இதயத்தின் மேல் படர்ந்த சின்ன ரத்தக் குழாய்கள் எல்லாவற்றையும் தயங்காமல் எடுத்துவிடலாம்.

பெயர் எழுதுவதிலும் இதே நெருக்கடி. பிரெயில் எழுத்தைச் சின்னதாக்க முடியாது. ஒரு கட்டத்துக்குச் சுமார் 6 மில்லிமீட்டர் வேண்டும். 'வெண்ட்ரிக்கிள்' என்று தமிழ் பிரெயிலில் எழுதினால், புள்ளிக்கும் உயிர்க்குறிக்கும் தனித்தனிக் கட்டம் போய், மொத்தம் 14 கட்டம். அதாவது 8 சென்டிமீட்டருக்கும் மேல். ஏ4 தாளின் அகலமே 21 சென்டிமீட்டர்தான். அதனால் படத்தில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஓரிரு எழுத்து மட்டும் வைத்து, முழுப் பெயர்களைத் தனித் தாளில் பட்டியலாகத் தருவது வழக்கம்.

இவ்வளவுக்குப் பிறகும் எல்லாம் ஒரே தாளில் அடங்காது. மூன்று தாளாகப் பிரிப்பது என் வழக்கம். முதல் தாளில் நான்கு அறைகளும் சுவர்களும் மட்டும். இரண்டாவதில் குழாய்களும் வால்வுகளும். மூன்றாவதில் ரத்தம் போகும் பாதை. புத்தகத்தின் நீலத்துக்குப் பதில் சொரசொரப்பான நூல், சிவப்புக்குப் பதில் வழுவழுப்பான நூல், பசையில் ஒட்டியது. அம்புக்குறியின் முனை விரலில் வெறும் பொட்டாகத்தான் படுகிறது. ஆகவே தொடங்கும் இடத்தில் ஒரு பெரிய புள்ளியை வைத்துவிட்டு, "புள்ளியிலிருந்து புறப்படு" என்று சொல்லிவிடுகிறேன்.

முதல் தாளில் நான் விட்டுக்கொடுக்காத ஒன்று சுவரின் தடிமன். இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் வலதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு தடித்தது. அதைத் தாளிலும் அப்படியே வைப்பேன். ஒரு மாணவி எந்த விளக்கமும் கேட்பதற்கு முன் இரண்டு சுவரையும் மாறி மாறித் தடவிவிட்டு, "இந்தப் பக்கம் மட்டும் ஏன் சார் இவ்வளவு தடி?" என்றாள். வலது பக்கம் அருகிலுள்ள நுரையீரலுக்குத் தள்ளுகிறது, இடது பக்கம் உடம்பு முழுக்கத் தள்ள வேண்டியிருக்கிறது என்று அதற்குப் பிறகுதான் சொன்னேன்.

படம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆசிரியர் தன் கண்ணை மூடிக்கொண்டு தடவுவதில் பயனில்லை. அவர் மனத்தில் படம் ஏற்கெனவே இருக்கிறது. விரல் அதையே கண்டுபிடிக்கும். எழுத்துகள் இல்லாத ஒரு பிரதியை மாணவனிடம் கொடுத்து, மேற்பெருஞ்சிரையில் தொடங்கி நுரையீரல் வரை ஒரு விரலால் போகச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். இன்னொரு கையின் விரல் தொடங்கிய இடத்திலேயே ஊன்றியிருக்கட்டும். விரல் நடுச்சுவரைத் தாண்டி இடப்பக்க அறைக்குள் புகுந்தால், பையனுக்குப் பாடம் தெரியவில்லை என்று பொருளல்ல. அந்தச் சுவரின் புள்ளிகள் அமுங்கியிருக்கும், அல்லது இடையில் ஓர் இடம் விட்டுப்போயிருக்கும்.

எழும்பிய புள்ளியின் உயரம் அரை மில்லிமீட்டர் அளவுதான். தாள்களை அலமாரியில் புத்தகங்களுக்கு அடியில் போட்டு வைத்தால் அடுத்த வருடத்துக்குள் நடுச்சுவர் காணாமல் போய்விடும். அட்டைக் கோப்பில் செங்குத்தாக நிறுத்தி வைக்க வேண்டும்.